மறுக்கக் கற்ற ஆங்கிலம்

வெள்ளைக்காரக் கொம்பனி ஒன்று கொடுக்க முன்வந்த உத்தியோகத்தை நான் வேண்டாமென்று சொன்னவன் என்பது சண்டிலிப்பாயில் என் வயதையொத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கலியாண வீடுகளில் என்னை அறிமுகஞ் செய்பவர்கள் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. நானும் ஒருநாளும் அதைத் திருத்தியதில்லை. திருத்துவதற்கு அதில் பொய் ஏதும் இல்லை. நான் வேண்டாமென்று சொன்னது உண்மை. ஆனால் அப்படிச் சொன்னது நான்தானா என்பதில் இன்றுவரை எனக்குத் தெளிவு ஏற்படவில்லை. அந்தத் தெளிவின்மையை எழுதிவைப்பது என் மதிப்புக்குக் குறைவு ஆகாது என்று இப்போது நினைக்கிறேன்.

நான் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலே எட்டாம் வகுப்புவரை படித்தவன். அதன்பின்னரே பட்டணத்து ஆங்கிலக் கல்லூரியிற் சேர்க்கப்பட்டேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்களை அங்கே வயதுக்கேற்ற வகுப்பில் இருத்த மாட்டார்கள். இலக்கணத்தில் முதற்பரிசு வாங்கி, மீசை அரும்பத் தொடங்கியிருந்த நான், ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து நாயையும் பூனையையும் ஆங்கிலத்திற் படித்தேன். அந்த அவமானத்தை நான் எழுத்தினாலே வென்றேன். அகராதியைப் பக்கம் பக்கமாகப் பாடம் பண்ணினேன். இரண்டிரண்டு வகுப்புகளாக ஏறி, சீனியர் பரீட்சையில் ஆங்கிலக் கட்டுரைக்கு விசேட சித்தி பெற்றேன்.

ஆனால் பேச்சு வரவில்லை. கல்லூரி வாசலைத் தாண்டியபின் தமிழிற் கதைக்கக்கூடாது என்பது விதி. வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பட்டணத்துப் பையன்களுக்கு அது ஒரு விளையாட்டு. தமிழ்ப் பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த எங்களுக்கோ அந்த விதி வாய்க்குப் போட்ட பூட்டு. தமிழிற் கதைத்தால் தண்டனை, ஆங்கிலத்திற் பிழையாகக் கதைத்தால் சிரிப்பு. ஆகவே காலை ஒன்பது மணி தொடக்கம் மாலை மூன்றரை மணிவரை நாங்கள் ஊமைகளாக இருந்தோம். ஆறு வருடம் இப்படி இருந்தால் ஒரு மொழி வாயில் எப்படி ஊறும்?

எனக்குத் துணையாக இன்னொருவன் இருந்தான். அச்சுவேலியிலிருந்து வந்து எங்கள் வீட்டிலே தங்கிப் படித்த என் அம்மானின் மகன், எனக்கு மச்சான் முறையானவன். அவனும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். சீனியர் பரீட்சையில் அவன் அருந்தப்பாகத் தேறியவன். அவனுடைய ஆங்கிலக் கட்டுரையில் ஆசிரியரின் சிவப்பு மை அவனுடைய கறுப்பு மையைவிட அதிகமாக இருக்கும். ஆனால் சிரிப்புக்குப் பயந்து வாயை மூடுகிற குணம் அவனுக்குக் குறைவு.

பரீட்சை முடிவுகள் வந்த சில நாட்களில் கல்லூரி அதிபர் எங்கள் இருவரையும் தம் அறைக்கு அழைத்தார். கொழும்புக் கோட்டையில் உள்ள ஓர் ஏற்றுமதிக் கொம்பனிக்கு எழுதுவினைஞர் ஒருவர் தேவை என்றும், கொம்பனியின் துரை வேறு அலுவலாக யாழ்ப்பாணம் வரும்போது, பயணிகள் தங்கும் வாடிவீட்டில் வைத்து இருவரையும் பார்த்து ஒருவரைத் தெரிவுசெய்வார் என்றும் சொன்னார். அரசாங்க உத்தியோகத்துக்கு எழுத்துப் பரீட்சை உண்டு. இங்கே பரீட்சை இல்லை, பேச்சு மட்டுந்தான். "உன்னுடைய பேனாவில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் துரை உன் பேனாவோடு கதைக்கப்போவதில்லை," என்றார் என்னைப் பார்த்து. அவர் ஆங்கிலத்திற் சொன்னதை நான் தமிழிலே தருகிறேன். இனி வரும் ஆங்கிலப் பேச்சுக்களையும் அவ்வாறே தருவேன். துரை வர எட்டு வாரம் இருந்தது. அதற்குள் கதைக்கப் பழகுங்கள் என்று சொல்லி, பறங்கித் தெருவில் இருந்த ஒரு நோனாவின் விலாசத்தை எழுதித் தந்தார். அந்த அம்மையார் றெயில் ஓட்டிய ஒரு பறங்கியரின் விதவை. முன்பு பெண்கள் பாடசாலை ஒன்றிற் படிப்பித்தவர். வாரத்தில் இரண்டு பிற்பகல் ஆங்கிலச் சம்பாஷணை பழக்குவார், அதற்குக் கட்டணமும் உண்டு.

ஐயாவிடம் இதைச் சொன்னபோது அவர் தோட்டத்தில் புகையிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். என்னுடைய கல்லூரிப் படிப்பு முழுவதும் அந்தத் தோட்டத்திலிருந்துதான் வந்தது.

"ஆறு வரியமாப் படிச்சது இங்கிலீசுதானே? பேந்தும் என்ன இங்கிலீசு?" என்றார்.

"அது எழுதுற இங்கிலீசு ஐயா. இது கதைக்கிறது."

"எழுதத் தெரிஞ்சவனுக்குக் கதைக்கத் தெரியாதோ?"

மச்சான்தான் சொன்னான்: "மாமா, புகையிலை நல்லா வந்தாப்போலை காணுமே? உணத்திப் பாடம் போட்டாத்தானே விலை."

ஐயா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிறிது யோசித்தார். "சரி. உதுவும் ஒரு தோட்டமெண்டு நினைச்சு இறைச்சுப் பாப்பம். ஆனா ஒண்டு. உவையள் மாடு தின்னுற ஆக்கள். அங்கை போய் ஒரு சொட்டுத் தண்ணியும் வாயிலை வைக்கக்கூடாது. ரெண்டு பேருக்குந்தான் சொல்லுறன். விளங்கிச்சோ?"

"ஓம் ஐயா," என்றேன். "ஓம் மாமா," என்றான் அவன்.

சொன்ன சொல்லை நான் காப்பாற்றினேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தவற்றுக்கு அதுவே காரணமாயிற்று என்பதனாற் சொல்லுகிறேன்.

நோனாவின் வீட்டிலே கரும்பலகை இருக்கவில்லை, புத்தகமும் இருக்கவில்லை. நான் கொண்டுபோயிருந்த கொப்பியையும் பென்சிலையும் வாசலிலேயே வாங்கி ஓர் அலுமாரிக்குள் வைத்துவிட்டார். உள்ளே வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன்மேல் தேநீர்க் கேத்தல், பால், சீனி, ஒரு தட்டில் வெட்டிய கேக். நாலு மணிக்கு அந்த மேசையைச் சுற்றி இருப்பதுதான் வகுப்பு. வாங்குவதும் கொடுப்பதும் கேட்பதும் சொல்வதுமாக ஒரு மணித்தியாலம். "வாய் பழகவேண்டுமானால் வாய்க்கு ஒரு வேலை வேண்டும்," என்பார். ஒருவர் ஒன்றைச் சொல்லி முடிக்குமுன் அவர் திருத்தியதில்லை. முடித்தபின், பிழையைச் சுட்டிக் காட்டாமல், அதே வசனத்தைச் சரியாகத் தாம் ஒருமுறை சொல்லிக் காட்டுவார். அவருடைய விதிகள் இரண்டு. கேள்விக்கு ஒரு சொல்லில் மறுமொழி சொல்லக்கூடாது. மறுமொழி சொன்னபின், கேட்டவரிடம் நீயும் ஒரு கேள்வி கேட்கவேண்டும்.

இரண்டாவது விதி எனக்கு ஒருபோதும் பொருந்தவில்லை. பெரியவர்கள் கேட்டால் மறுமொழி சொல்வது மரியாதை. அவர்களைத் திருப்பிக் கேள்வி கேட்பது எங்கள் வீட்டில் அடி வாங்கும் செயல்.

முதல்நாள் நோனா எனக்கு முன்னால் ஒரு கோப்பையை வைத்து, தேநீர் எடுக்கிறாயா என்று கேட்டார். நான் "நோ" என்றேன். அறை முழுவதும் அந்தச் சொல் ஒரு கல் விழுந்ததுபோல விழுந்தது. மச்சான் தன் கோப்பையை முன்னே தள்ளி, "யெஸ், ரீ. மச் சுகர்," என்றான். நோனா வாய்விட்டுச் சிரித்தார். அவனும் சிரித்தான். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தும் ஒருவன் கூடச் சேர்ந்து சிரிப்பதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

அன்று வீடு திரும்பும் வழியில் அவனைக் கண்டித்தேன்.

"ஐயாவுக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டு மூண்டு கோப்பை குடிச்சியே, உனக்கு வெக்கமில்லையோ?"

"மாமா தண்ணியைத்தானே மச்சான் சொன்னவர். இது தேத்தண்ணி."

"கேக்?"

"கேக்கைப் பற்றி அவர் ஒண்டும் கதைக்கேல்லை."

"பகிடி விடாதை. நான் ஐயாட்டைச் சொன்னனெண்டால்?"

"சொல்லன். சொன்னா உன்ரை வகுப்பும் நிண்டிடும்." பின்பு தோளில் கையைப் போட்டான். "மச்சான், அந்த மனிசி மேசையிலை கதையைத்தான் பரப்பி வைச்சிருக்கு. நீ தட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய்."

நான் ஐயாவிடம் சொல்லவில்லை. அது நட்பினாலா, வகுப்பு நின்றுவிடும் என்ற பயத்தினாலா என்று கேட்டால் அதற்கும் எனக்குத் தெளிவான மறுமொழி இல்லை.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நான் எதையும் தொடவில்லை. காரணத்தை நோனா கேட்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்திற் பிறந்து வளர்ந்தவர், காரணம் அவருக்குத் தெரிந்தே இருக்கும். ஆனால் மேசையிலே ஒன்றையும் வாங்காமல் இருப்பவனோடு எதைப்பற்றிக் கதைப்பது? சீனி போதுமா என்று கேட்க முடியாது. கேக் எப்படி இருக்கிறது என்று கேட்க முடியாது. அவருடைய பாடத்திட்டம் முழுவதும் என் வாயிலே முட்டி நின்றது. நாலாம் நாள் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "மறுப்பதென்றால் மறு. ஆனால் கல்லெறிவதுபோல மறுக்காதே. கேட்பவர் உனக்கு இன்னொரு முறை தர விரும்பும்படி மறு."

அன்றிலிருந்து அதுவே என் பாடமாயிற்று. அவர் தேநீரைத் தருவார், நான் ஒருவிதமாக மறுப்பேன். பாலைத் தருவார், வேறுவிதமாக மறுப்பேன். கேக், பிஸ்கற், இன்னொரு துண்டு, காற்றுள்ள பக்கத்துக் கதிரை என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய வசனம். தங்கள் அன்புக்கு மிக்க நன்றி, ஆயினும் இப்போது வேண்டாம். பார்க்க மிக நன்றாக இருக்கிறது, ஆனால் என்னை மன்னிக்கவேண்டும். என்பொருட்டுத் தாங்கள் சிரமப்பட வேண்டாம், நான் இப்படியே சௌகரியமாக இருக்கிறேன். இரண்டாம் முறை கேட்டால் சிறிது புன்னகையோடு, "நிச்சயமாக" என்று மறுக்கவேண்டும். இவற்றை நான் வீட்டில், கிணற்றடியில், தோட்ட வரம்பில் நின்று, குரலை ஏற்றியும் இறக்கியும் சொல்லிச் சொல்லிப் பழகினேன். ஆறாம் வாரத்தில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. யோசிக்காமலே ஆங்கிலம் என் வாயிலிருந்து வந்தது. தமிழில் எண்ணி, மொழிபெயர்த்து, இலக்கணம் பார்த்து, பிறகு வாயைத் திறக்கும் அந்த நீண்ட பிரயாணம் இல்லாமற் போயிற்று. நோனா கைதட்டினார். "உன் உச்சரிப்பைக் கேட்டால் நீ இந்தத் தெருவிலே பிறந்தவன் என்றே சொல்வார்கள்," என்றார்.

அப்போது மச்சான் என்ன செய்துகொண்டிருந்தான்? கேக்கில் என்ன போட்டிருக்கிறது, உங்கள் கணவர் எந்த றெயில் ஓட்டினார், உங்களுக்கு ஏன் பிள்ளைகள் இல்லை என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசிக் கேள்வியை அவன் கேட்டபோது நான் மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தேன். நோனாவோ அதற்கும் நீண்ட மறுமொழி ஒன்று சொன்னார். அவன் வசனங்களில் வினைச்சொல் ஒரு பக்கம், காலம் ஒரு பக்கம். விளங்காவிட்டால் "அகெயின், மேடம்" என்பான். அரை மணித்தியாலத்தில் பத்துத் தடவை அப்படிச் சொல்வான். கேட்க எனக்குக் காது கூசும்.

துரை வந்த நாள் காலையில் ஐயா எனக்குத் திருநீறு பூசினார். நெற்றியில் மூன்று கோடும் நன்றாகத் தெரியும்படி, நீண்ட கோட்டும் தலைப்பாகையுமாகப் போனேன். வாடிவீட்டு விறாந்தையில் எங்களை இருத்தினார்கள். முதலில் மச்சானைக் கூப்பிட்டார்கள். ஜன்னல் திறந்திருந்தது. அவன் குரல் இடைக்கிடை கேட்டது. "அகெயின், சேர்" என்பது இரண்டு தடவை தெளிவாகக் கேட்டது. பின்பு ஏதோ ஒன்று விழுந்த சத்தமும் துரையின் சிரிப்பும் கேட்டன. அவன் வெளியே வந்தபோது வேட்டியில் தேநீர்க் கறை இருந்தது.

"என்னடா செய்தனி?"

"கோப்பையைத் தட்டிப்போட்டன். ஆனா ஆள் நல்ல ஆள். நீ போ, உனக்குத்தான் மச்சான். என்னைப் பார்த்த பிறகு உன்னைப் பார்த்தா மனிசன் கும்பிடும்."

அவன் அதை உண்மையாகவே நம்பினான். நானும் நம்பினேன்.

துரை எழுந்து கைகொடுத்தார். கதிரையைக் காட்டி, காற்றுப் படும் பக்கத்தில் இருக்க விருப்பமா என்றார். நான் நன்றி சொல்லி மறுத்தேன். தேநீர் எடுக்கிறாயா என்றார். மறுத்தேன். குளிர்பானம் கொண்டுவரச் சொல்லட்டுமா என்றார். அதையும், நோனா முதன்மையானது என்று பாராட்டிய வசனத்தால், மறுத்தேன். அவர் புருவம் உயர்ந்தது. எங்கே இவ்வளவு நல்ல ஆங்கிலம் படித்தாய் என்று கேட்டார். படித்த கல்லூரியைச் சொன்னேன். என் தந்தையார் என்ன பயிரிடுகிறார் என்று கேட்டார். புகையிலை என்று சொல்லி, அது நடப்படும் மாதத்தையும் சொன்னேன். எல்லாம் நிறை வசனங்கள். ஒரு பிழையும் இல்லை. என் குரல் எனக்கே கேட்க நன்றாக இருந்தது. அவரை நான் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு அவர் பிஸ்கற் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே, அதே இனிய குரலில், ஒரு விஷயம் சொன்னார். புதிதாகச் சேர்பவர் முதல் ஆறு மாதம் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் நின்று பெட்டிகளின் குறிகளைச் சரிபார்க்க வேண்டும், வெயிலும் தூசியும் உள்ள இடம், அதன் பின்னரே மேசை வேலை, அதற்கு உனக்குச் சம்மதமா?

"தங்கள் அன்புக்கு மிக்க நன்றி, சேர். ஆயினும் என்பொருட்டுத் தாங்கள் சிரமப்பட வேண்டாம். நான் இப்படியே சௌகரியமாக இருக்கிறேன்."

அவர் கை தட்டின்மேல் நின்றது. "நிச்சயமாகவா?"

நான் சிறிது புன்னகைத்தேன். "நிச்சயமாக, சேர்."

இந்த இடத்தை ஆயிரம் தடவை மனத்திலே நடத்திப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லையா? விளங்கிற்று. கிட்டங்கி என்ற சொல் தெரியும், துறைமுகம் தெரியும். ஆயினும் அந்தக் கணத்தில் என் மனம் பொருளின்மேல் இருக்கவில்லை. வசனம் அழகாக வந்து விழுந்ததே என்ற மகிழ்ச்சியில் இருந்தது. தட்டு என் பக்கம் வந்தது. குரல் இனிமையாக இருந்தது. ஒன்று தரப்பட்டது. என் வாய் தான் படித்ததைச் செய்தது.

துரை ஏதோ எழுதினார். எழுந்து மறுபடி கைகொடுத்து, இந்தக் குடாநாட்டில் இவ்வளவு செம்மையான ஆங்கிலத்தைத் தாம் கேட்டதில்லை என்றார். அந்தப் பாராட்டைச் சுமந்துகொண்டு நான் சண்டிலிப்பாய்வரை நடந்தேன். ஐயாவிடம் சொன்னேன். ஐயா அயலுக்குச் சொன்னார். மச்சான் என் முதுகிலே தட்டினான். கொழும்பிலே எந்தத் தெருவில் அறை எடுப்பது என்றுகூடக் கதைத்தோம்.

பத்து நாள் கழித்து அதிபர் எங்களை அழைத்தார். கையிலே கடிதம். மச்சானைப் பார்த்து, உனக்கு உத்தியோகம் என்றார். அவன் "அகெயின், சேர்" என்றான். அதிபர் இரண்டாம் முறையும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, மனவருத்தமா, எனக்குத் தெரியவில்லை.

"நீ அதை மறுத்தாயாமே? ஏன் என்னிடம் முன்கூட்டியே சொல்லவில்லை?"

"நான் மறுக்கவில்லை, சேர்."

அவர் கடிதத்தை என் கையிலே தந்தார். முதலில் வந்தவரின் ஆங்கிலம் இன்னும் பழகவேண்டியது, ஆனால் விளங்காததை விளங்கும்வரை கேட்கிறார், கிட்டங்கிக்கு அப்படிப்பட்டவரே வேண்டும் என்று எழுதியிருந்தது. அடுத்ததாக, இரண்டாமவர் மிகச் சிறந்த ஆங்கிலம் பேசுகிறார், அவரையே தெரிவுசெய்ய எண்ணியிருந்தோம், ஆனால் வேலையின் நிபந்தனையைச் சொன்னபோது மிகுந்த மரியாதையோடு மறுத்துவிட்டார், இரண்டாம் முறை கேட்டும் மனம் மாறவில்லை, அவருடைய முடிவை மதிக்கிறோம் என்றிருந்தது. கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அதில் எழுத்துப் பிழை இருக்குமோ என்றுகூடத் தேடினேன்.

வெளியே வந்தபின் மச்சான் கேட்டான்: "கிட்டங்கி எண்டு கேட்டவரே உன்னட்டை?"

"கேட்டவர்."

"எனக்கும் அது முதல் விளங்கேல்லை. ரெண்டு தரம் கேட்டன். பேந்து, அங்கை எலி இருக்கோ எண்டு கேட்டன். மனிசன் விழுந்து விழுந்து சிரிச்சுது. கோப்பை அப்பதான் தட்டுப்பட்டது." பின்பு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "நீ என்ன சொன்னனி?"

நான் சொன்னதைச் சொன்னேன். அவன் தெருவிலேயே நின்றுவிட்டான்.

"ஐயோ மச்சான். அது நோனாவின்ரை பிஸ்கற்றுக்குச் சொல்லுறதல்லே?"

மறுநாள் துரைக்கு எழுதித் திருத்திவிடலாம் என்றான் அவன். வேண்டுமானால் தான் விலகுவதாகவும் சொன்னான். எழுதுவதற்கு என்னைவிடத் தகுதியானவன் யார்? பேனாவை எடுத்தேன். ஆனால் என்னவென்று எழுதுவது? நான் வேண்டாமென்று சொன்னது வேண்டாம் என்பதற்காக அல்ல என்றா? அவ்வளவு செம்மையாக ஆங்கிலம் பேசியவன், தான் பேசியது இன்னதென்று தனக்கே தெரியாமற் பேசினான் என்றா? அதை எழுதினால், அந்தக் கடிதத்தில் எனக்கு மிஞ்சியிருந்த ஒரே பாராட்டும் அழிந்துவிடும். காகிதம் வெறுமையாகவே இருந்தது.

இதற்கிடையில் ஐயா செய்தியைத் தமக்கேற்றவாறு விளங்கிக்கொண்டார். அன்று பின்னேரம் படலையில் நின்று அயலவர் ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"பெட்டி எண்ணுற வேலையாம். எங்கடை பெடியன் நேரை முகத்திலை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டான். துரையே மதிக்கிறன் எண்டு எழுதியிருக்கிறான்."

"அப்ப மற்றவன்?"

"உவன் எதுக்கும் ஓமெண்டுவான்."

அந்தக் குரலிலே இருந்த பெருமையை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. ஆறு வருடமாக அந்தத் தோட்டத்தில் இறைத்த மனிதர் அவர். நான் உள்ளேயே நின்றேன். நின்றதனால் அந்தக் கதை ஊர்க்கதையாயிற்று.

பின்பு நான் எழுத்துப் பரீட்சை எழுதி அரசாங்க எழுதுவினைஞன் ஆனேன். யாரும் என்னோடு கதைத்துப் பார்த்து எடுக்கவில்லை. குறையொன்றுமில்லாத உத்தியோகம். ஆனால் அது பிற்பாடு. மச்சான் கொழும்புக்குப் புறப்பட்ட அந்த வாரத்தில் எனக்கு இருந்தது ஒரு கேள்வி மட்டுமே. உண்மையில் என் வாய்தான் தவறியதா? அல்லது வெயிலும் தூசியும் பெட்டியும் என்று கேட்டவுடன் எனக்குள் இருந்த ஏதோ ஒன்று முகஞ் சுளித்து, தன் கையில் ஆயத்தமாக இருந்த வசனத்தை எடுத்துக்கொண்டதா? வாய்ப் பழக்கம் என்றால் நான் மூடன். மனவிருப்பம் என்றால் ஐயா சொன்னது சரி, நான் மானமுள்ளவன். இரண்டில் எது மேலானது என்று தெரிந்தும், எது உண்மை என்று தெரியவில்லை.

மச்சானை றெயில் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் பறங்கித் தெருவுக்குப் போனேன். வகுப்புக் காலம் முடிந்துவிட்டது. ஆயினும் நோனா மேசையைக் காட்டினார். அவருக்கு முழுவதையும் சொன்னேன். எட்டு வாரத்தில் நான் அவரிடம் எதையும் விரும்பிக் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"நான் சொன்னது என் பழக்கமா, என் விருப்பமா, மேடம்?"

அவர் மேசைத் துணியின் விளிம்பை நீவிவிட்டார். "நீ என்னிடம் கேட்ட முதற் கேள்வி இது," என்றார். "எனக்கு மறுமொழி தெரியாதே. என் பிழையும் இதில் இருக்கிறது. வேண்டாமென்பதை உனக்கு அவ்வளவு நன்றாகப் பழக்கினேன். வேண்டும் என்பதைப் பழக்கவே இல்லை."

எழுந்து போய் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அது வெறுங்கோப்பை. "இதில் ஒன்றும் இல்லை. உன் தந்தையாருக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கட்டும்," என்றார். பிறகு கேத்தலைத் தூக்கிப் பாவனையாகச் சரித்துக்கொண்டு கேட்டார்: "தேநீர் எடுக்கிறாயா?"

மிக இலகுவான கேள்வி. ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு அந்த வாங்கில் இருந்தபோதே மறுமொழியைப் படித்திருந்தேன். வாயைத் திறந்தேன். "தங்கள் அன்புக்கு மிக்க…" என்று தொடங்கிற்று. நிறுத்தினேன். அவர் கேத்தலைக் கீழே வைக்கவில்லை, காத்திருந்தார். இரண்டாம் முறையும் அதே வசனம் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினேன்.

"யெஸ்," என்றேன் கடைசியில். "ப்ளீஸ்."

என் உச்சரிப்பு மிக மோசமாக இருந்தது. அச்சுவேலி மச்சானுடையதைப்போல இருந்தது. நோனா அதைத் திருத்தவில்லை. நான் கோப்பையை எடுத்து உதட்டருகே கொண்டுபோனேன். அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை.